“வராது” என்பதை முதல் வரியில் எழுதுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் வார்க்கும் நிறுவனம் ஒன்றில் திட்டப் பொறியாளராக இருக்கிறேன். வாடிக்கையாளரின் குழு நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் இருக்கிறது. மாதிரிகள் தாமதமாகும் என்பதை மிகப் பணிவாக அக்குழுவின் பொறியாளருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அடுத்த வாரம் புதிய தேதியைக் குறிப்பிட்டு, அவருடைய மேலாளருக்கும் நகல் வைத்து எழுதினேன். “இது சரிப்படாது. ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று இரண்டே வரியில் பதில் வந்தது. முகத்தில் அடித்தது போல இருந்தது. இனி சுவீடன் குழுவுக்கும் நான்தான் எழுத வேண்டும். இவர்களுக்கு எப்படித்தான் எழுதுவது? முதல் கடிதத்தை இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பத்தியில் நலம் விசாரிக்கிறீர்கள். இரண்டாவதில் இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி சொல்கிறீர்கள். மூன்றாவதில் அச்சு செய்யும் பட்டறையின் சிரமங்களை விவரிக்கிறீர்கள். நான்காவது பத்தியின் நடுவில்தான் செய்தி வருகிறது: “ஜூன் 14 என்ற இலக்கை எட்டுவது சற்றுக் கடினமாக இருக்கக்கூடும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்; எனினும் எங்களால் இயன்ற முயற்சிகள் அனைத்தையும் எடுத்துவருகிறோம்.”

நம் ஊர் மேலாளர் ஒருவர் இதைப் படித்திருந்தால், சரக்கு 14ஆம் தேதி வராது என்று அந்த நிமிடமே புரிந்துகொண்டு போனை எடுத்திருப்பார். நெதர்லாந்துக்காரர் எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்துக்கொள்கிறவர். “சற்றுக் கடினம்” என்றால் கொஞ்சம் கடினம். “முயற்சி செய்கிறோம்” என்றால் பெரும்பாலும் முடிந்துவிடும். பதில் கேட்கும் கேள்வி எதுவும் கடிதத்தில் இல்லாததால் அவர் பதிலும் எழுதவில்லை. பழைய தேதியை நம்பித் தன் சோதனைக்கூடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டார். ஆகவே “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்பதை அவர் உங்களைக் குத்திக்காட்டக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் சொல்லவே இல்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். சொல்லிவிட்டதாக நீங்களும் உண்மையாகவே நம்பினீர்கள். நீளமான மரியாதையால் வரும் பெரிய சேதம் இதுதான். அவர் எரிச்சலடைவது ஒரு பொருட்டே இல்லை. செய்தி அவரிடம் போய்ச் சேராமல் போவதுதான் ஆபத்து.

அதே கடிதத்தை நான் இப்படி எழுதியிருப்பேன். பொருள் வரியில்: “20 மாதிரிகள்: ஜூன் 14 அல்ல, ஜூன் 22.” பிறகு ஒரு ஹாய், அவருடைய முதல் பெயர். அதன் கீழே:

“மாதிரிகள் ஜூன் 14 அன்று வராது, 22 அன்று வந்து சேரும். தாமதத்துக்கு வருந்துகிறேன். அச்சில் விரிசல் விழுந்துவிட்டது. புதிய அச்சு 12 அன்று கிடைக்கும். விரிசலுக்கு முன் வார்த்த 6 மாதிரிகள் கைவசம் உள்ளன. அளவுகளைச் சோதித்துவிட்டோம், சரியாக உள்ளன. அவற்றை மட்டும் 14ஆம் தேதிக்கு அனுப்பினால் உங்கள் முதல் சோதனைக்குப் போதுமா? புதன்கிழமைக்குள் சொன்னால் விமானத்தில் அனுப்பிவிடுகிறேன்.”

வருத்தம் ஒரே ஒரு முறை வருகிறது. காரணத்துக்கு ஒரு வரி போதும். பட்டறைக்காரரின் கதை அவருக்குத் தேவையில்லை. கடைசியில் இருக்கும் கேள்விதான் இந்தக் கடிதத்தின் உயிர். அதற்குப் பதில் சொன்னால் தன் வேலையை நகர்த்தலாம் என்பது அவருக்குத் தெரிகிறது, அதனால் பதில் வரும். தாமதம் உறுதியான அன்றே இது போயிருக்க வேண்டும். கெட்ட செய்தியை ஒரு வாரம் முன்னதாகத் தருவதைத்தான் அவர்கள் மரியாதை என்று எண்ணுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நேரடியாக எழுதச் சொன்னால் நம்மில் பலர் உடனே கட்டளைக்குத் தாவிவிடுகிறோம்: “வரைபடத்தை இன்றே அனுப்பவும்”, “விரைவுபடுத்தவும்”. இது அங்கே நன்றாக எடுபடாது. மேலாளரே தன் குழுவிடம் அப்படிப் பேசாத ஊரில், வேறு நிறுவனத்துக்காரர் உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? தேவையையும் காரணத்தையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள். “வியாழக்கிழமை அச்சு வெட்டத் தொடங்குகிறோம், அதற்குமுன் வரைபடம் வேண்டும். புதன்கிழமை தர முடியுமா?” என்று கேட்டால் போதும். முடியாது என்றால் முடியாது என்றே சொல்வார். அவர் கேட்பது உங்களால் முடியாததாக இருந்தால் நீங்களும் அப்படியே சொல்லலாம்.

மேலாளருக்கு நகல் வைத்தது தனி விஷயம். இங்கே அது மேலிடத்துக்குக் காட்டும் மரியாதை. அங்கே அந்த முடிவு பெரும்பாலும் பொறியாளரின் கையிலேயே இருக்கிறது. அவரிடம் நேரில் பேசித் தீர்க்காமல் மேலே எழுதினால், அவர்மீது புகார் செய்ததாகவே படும். முதலில் அவருக்கு மட்டும் எழுதுங்கள். மேலாளரும் அறிய வேண்டும் என்று தோன்றினால், “இதில் உங்கள் மேலாளரையும் சேர்க்கட்டுமா?” என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த இரண்டு வரிப் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். “சரிப்படாது” என்று அவர் சொன்னது தேதியை. உங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அங்கிருந்து வரும் சுருக்கமான மறுப்பு எதையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருளைப் பற்றியது என்றால் பொருளைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அவர் எதுவும் நடக்காததுபோல இயல்பாக எழுதுவார். நீங்கள் நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதினால்தான் அவருக்குச் சங்கடம்.

இனி சுவீடன். “சார்”, “மேடம்” இரண்டையும் விட்டுவிடுங்கள். 1967இல் அந்நாட்டின் தேசிய மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த புரோர் ரெக்ஸெட், இனி ஊழியர்கள் அனைவரையும் முதல் பெயர் சொல்லித்தான் அழைப்பேன் என்று அறிவித்தார். ஏற்கெனவே பரவிவந்த அந்தப் பழக்கம் அதன்பின் நாடெங்கும் வேரூன்றியது. பதவிப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் சில ஆண்டுகளில் மறைந்தது. இன்று நிறுவனத் தலைவருக்கும் முதல் பெயர்தான்.

ஆனால் ஐன்ட்ஹோவனில் பழகியதை அப்படியே அங்கே கொண்டு போகாதீர்கள். சுவீடன்காரர்களும் சுருக்கமாகவே எழுதுவார்கள், ஆனால் பலர் முன்னிலையில் முட்டிக்கொள்வதை விரும்ப மாட்டார்கள். நெதர்லாந்துக்காரர் “இது தவறு” என்று எழுதும் இடத்தில் இவர் “சுவாரசியமாக இருக்கிறது, இன்னும் யோசிப்போம்” என்று எழுதக்கூடும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், “இந்த வடிவமைப்பில் நாங்கள் வேலையைத் தொடங்கலாமா, உங்களுக்கு ஏதாவது தடை இருக்கிறதா?” என்று தனியாகக் கேளுங்கள். முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு முன்பே, சம்பந்தப்பட்டவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி இசைவு பெறுவது அவர்கள் வழக்கம். பெரிய மாற்றம் ஒன்றைக் கூட்டத்தில் திடீரென்று வைத்தால் அது ஒத்திப்போடப்படும். இரண்டு வாரம் முன்பே அவரவருக்குச் சில வரிகள் எழுதிவிடுங்கள்.

ஜூலையை மட்டும் மனதில் வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் தொடர்ந்து நான்கு வாரம் விடுப்பு எடுக்க சுவீடன் சட்டமே உரிமை தருகிறது. பெரும்பாலோர் ஜூலையில்தான் போகிறார்கள். விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தபின் நினைவூட்டல் அனுப்புவதில் பயனில்லை. அவர்கள் கோடைப் பெருநாள் ஜூன் 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் ஒப்புதல் தேவைப்படும் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிட்டு, “ஜூலையில் உங்களுக்குப் பதிலாக யாருக்கு எழுதலாம்?” என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.