இரண்டாவது முறை கேட்பது

அன்புள்ள சார்,

கோவையில் சொந்தமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஐந்து ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்க, அங்குள்ள மக்கள் தொடர்பு அலுவலர் கேட்டுக்கொண்டதால் முன்மொழிவு அனுப்பினேன். சுமார் 40,000 சொற்கள், சொல்லுக்கு ரூ.1.75. வெள்ளி மாலை அனுப்பினேன். செவ்வாய் காலை ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று ஒரு மெயில் போட்டேன். இன்று திங்கள், பத்து நாளாகிறது, ஒரு வரி பதில் இல்லை. மறுபடி கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா? விலையைக் குறைக்கலாமா? வாட்ஸப்பில் கேட்கலாமா? நயமாக எப்படி எழுதுவது?

க., கோவை

அன்புள்ள க.,

தாராளமாகக் கேளுங்கள். அவர்களாகவே கேட்டு வாங்கிய முன்மொழிவு அது. வாட்ஸப் வேண்டாம், அவர் முன்பே அதில் உங்களோடு பேசியிருந்தால் தவிர.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மெயிலுக்காக உங்களைக் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளி மாலைக்கும் செவ்வாய் காலைக்கும் நடுவில் அவர்களுக்கு இருந்தது திங்கள் ஒரு நாள். எழுபதாயிரம் ரூபாய் வேலைக்கு எந்த அலுவலகமும் ஒரு நாளில் பதில் சொல்லாது. உங்கள் பத்து நாளும் அவர்கள் கணக்கில் சனி, ஞாயிறு போக ஐந்து நாள். கேட்க இதுதான் சரியான சமயம். போன வாரம் கேட்டது அவசரம்.

அந்த மெயிலில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ‘நான் அனுப்பியதைப் பார்த்தீர்களா என்று அறிய விரும்புகிறேன்.’ பணிவான வரிதான், ஆனால் படிக்கிறவருக்கு அது வேலை வைக்கிறது. பழைய மெயிலைத் தேட வேண்டும், திரும்பப் படிக்க வேண்டும், ஒரு முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு அவர் கையில் இல்லை. அதனால்தான் பதில் வரவில்லை. உங்களை மதிக்காததால் அல்ல.

இதை நான் மறுபக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். 90களில் ஒரு கல்லூரி அறக்கட்டளை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். நூலகத்தில் கிழிந்துகிடந்த அறுநூறு புத்தகங்களை பைண்ட் செய்ய வெளியூர்க்காரர் ஒருவர் விலைப்புள்ளி அனுப்பியிருந்தார். ஜனவரி மாதம். நூலகருக்குச் சம்மதம், ஆனால் அந்த ஆண்டுக்கான பணம் தீர்ந்துவிட்டது. செயலாளர் கையெழுத்தில்லாமல் நான் எதுவும் எழுத முடியாது. ‘தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி’ என்று முதல் நினைவூட்டல் வந்தது. அதைக் கோப்பில் சேர்த்தேன். சொல்ல என்னிடம் எதுவும் இல்லாதபோது எதை எழுதுவது?

மூன்று வாரம் கழித்து ஒரு ரிப்ளை கார்டு வந்தது. அந்தக் காலத்து ரெட்டைத் தபால் அட்டை, ஒன்று நமக்கு, ஒன்று பதில் எழுத. பதில் அட்டையில் தன் முகவரியை அவரே எழுதியிருந்தார். பின்பக்கம் மை பேனாவால் மூன்று கட்டம் போட்டிருந்தார். கோணல் இல்லாத, ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். ‘வேலை தருகிறோம்.’ ‘இப்போது தேவையில்லை.’ ‘இந்தத் தேதியில் சொல்கிறோம்: ______.’ நான் அதை அப்படியே செயலாளர் அறைக்கு எடுத்துப்போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, ‘ஏப்ரல் 10’ என்று எழுதித் தள்ளிவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதமாக என் மேஜையில் கிடந்த காகிதம் அது.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் குறைவாகக் கேட்டார். ஆனால் ஏப்ரல் 10 அன்று அதை அவருக்கு நானே எழுதிப் போட்டேன், தேதி சொல்லியிருந்ததால் எழுதியாக வேண்டியிருந்தது. அந்த அட்டை வராமலிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

உங்கள் மக்கள் தொடர்பு அலுவலரும் அன்றைய என்னைப் போன்றவர். உங்கள் முன்மொழிவை அவர் இரண்டு பேரிடம் கொண்டுபோக வேண்டும். கணக்குப் பிரிவு முதலில் கேட்பது ஜிஎஸ்டி உண்டா என்று. நீங்கள் பதிவு செய்யாதவர் என்றால் அதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 18 சதவீதம் மேலே வருமோ என்று அந்த எண்ணை அப்படியே நிறுத்தி வைப்பார்கள். இரண்டாமவர் டாக்டர். எனக்கு இங்கேதான் சந்தேகம். மருத்துவக் கையேட்டைத் தமிழாக்கினால் அதை யாராவது ஒரு டாக்டர் படித்துச் சரிபார்த்தாக வேண்டும். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பது ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று அச்சாகிவிட்டால் பதில் சொல்லப்போவது மருத்துவமனை. 40,000 சொற்களைப் படிக்க எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாத வரை அவர் உங்களுக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல மனம் வராது.

அதனால் விலையில் கை வைக்காதீர்கள். அவர் 1.75 என்று மேலே சொல்லியிருக்கலாம். நீங்கள் இப்போது 1.40 என்றால், முதலில் ஏன் கூட்டிச் சொன்னார் என்று அவரைத்தான் கேட்பார்கள். விலை அப்படியே இருக்கட்டும், வேலையைச் சின்னதாக்குங்கள். ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் டாக்டர் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று நீங்களே பிரித்துக் காட்டுங்கள். அந்த அலுவலர் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் மேலே அனுப்பக்கூடியதாக மெயில் இருக்க வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். ஐந்து கையேடுகளின் தமிழாக்கம் பற்றி எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றாக முடிவு செய்வது சிரமமாக இருந்தால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக் கையேட்டை மட்டும் முதலில் செய்யலாம். 6,000 சொற்கள், ரூ.10,500. நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை, அதனால் வரி தனியாக வராது. மருந்து, அளவு, எச்சரிக்கை வரும் வரிகளை மட்டும் ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனித் தாளாகத் தருகிறேன், டாக்டர் குறைந்தபட்சம் அதைப் பார்த்தால் போதும். முன்மொழிவை மறுபடி இணைத்திருக்கிறேன். 1. இந்த ஒன்றைத் தொடங்கலாம், 2. இப்போது வேண்டாம், 3. இந்தத் தேதியில் சொல்கிறோம். எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினால் போதும்.”

(கையேட்டின் பெயரும் 6,000 என்பதும் என் ஊகம், உங்கள் கையேட்டின் சரியான பெயரையும் எண்ணையும் போடுங்கள்.)

பழைய மெயிலுக்கே பதிலாக இதை அனுப்புங்கள். தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாக்கிவிடும், முன்மொழிவு ஓரிடத்தில், கேள்வி வேறிடத்தில் கிடக்கும். ‘ஜென்டில்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அதைப் போடாமலே மேலே உள்ளது மென்மையாகத்தான் இருக்கிறது. இதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை போன் செய்யுங்கள், அதோடு விடுங்கள்.

அப்புறம் ஒன்று. முதல் முறை பிடிஎஃப்பை இணைத்தீர்களா, கூகுள் டிரைவ் இணைப்பைக் கொடுத்தீர்களா? இணைப்பு என்றால் உங்கள் கணக்கில் நுழையாத ஒரு பிரௌசரில் அதைத் திறந்து பாருங்கள். Restricted என்றே விட்டிருந்தால் அவர்கள் முன்னால் லாகின் பக்கமோ Request access என்ற பொத்தானோதான் நின்றிருக்கும். அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் உங்கள் மெயிலுக்கு ஒரு அனுமதிக் கோரிக்கை வந்திருக்கும். ஸ்பேமையும் சேர்த்து இன்றைக்கே பாருங்கள். பத்து நாளாகப் பதில் சொல்லாமல் இருப்பது நீங்களாகக்கூட இருக்கலாம்.