பட்ஜெட்டுக்கு முன் ஐ.வி. 14: ஆப்ஷன் விலை அதிகமா?

கேள்வி: நிஃப்டி 24,000-ல் இருக்கிறது. பட்ஜெட் நாளைத் தாண்டி, இன்னும் 10 வர்த்தக நாள்களில் முடியும் ஆப்ஷன்களின் ஐ.வி., அதாவது வரும் நாள்களுக்குச் சந்தை எதிர்பார்க்கும் ஆட்டத்தின் ஆண்டுக் கணக்கு, 14 என்று என் தரகரின் திரை காட்டுகிறது. கடந்த 20 நாள்களில் நிஃப்டி உண்மையில் ஆடியதைக் கணக்கிட்டால் 10 தான் வருகிறது. ஏறினால் லாபம் தரும் கால், இறங்கினால் லாபம் தரும் புட் இரண்டையும் சேர்த்து வாங்க நினைத்தேன். 10 மதிப்புள்ள பொருளை 14 கொடுத்து வாங்குவதாகாதா? பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே காலத்தைப் பற்றியவை அல்ல. 10 என்பது கடந்துபோன 20 நாள்களின் ஆட்டம். அந்த 20 நாள்களில் பட்ஜெட் எதுவும் இல்லை. 14 என்பது வரப்போகும் 10 நாள்களுக்குச் சந்தை வைத்திருக்கும் விலை. அதில் பட்ஜெட் இருக்கிறது. எனவே பட்ஜெட் நாளைத் தனியே பிரித்தெடுத்துவிட்டுத்தான் மலிவா, விலை அதிகமா என்று கேட்க முடியும்.

முதலில் உங்கள் 10 சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். தினசரி முடிவு விலைகள் B பத்தியில் இருந்தால், C பத்தியில் ஒவ்வொரு நாளின் மாற்றத்தையும் எடுத்து, 20 மாற்றங்களின் திட்ட விலக்கத்தை ஆண்டுக் கணக்குக்கு உயர்த்த வேண்டும்:

```
=LN(B3/B2)
=STDEV.S(C3:C22)*SQRT(252)*100
```

252 என்பது ஏறத்தாழ ஓர் ஆண்டின் வர்த்தக நாள்கள். அதன் வர்க்கமூலம் சுமார் 15.9. ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் எந்த எண்ணையும் இதால் வகுத்தால் ஒரு நாளுக்கான ஆட்டம் கிடைத்துவிடும். உங்கள் 10 என்பது நாளுக்கு 0.63 சதவீதம், அதாவது 150 புள்ளிகள். 14 என்பது 0.88 சதவீதம், அதாவது 210 புள்ளிகள்.

இனி பட்ஜெட் நாளைப் பிரிப்போம். ஐ.வி.யை அப்படியே கூட்டிக் கழிக்கக் கூடாது. வர்க்கமாக்கிய பிறகே கூட்டவோ கழிக்கவோ வேண்டும். 0.88-ன் வர்க்கம் 0.77, பத்து நாள்களுக்கு 7.7. சாதாரணமான ஒன்பது நாள்கள் இப்போதுபோலவே 0.63 ஆடும் என்று வைத்துக்கொண்டால், அவற்றின் பங்கு 3.6. மீதி 4.1. அதன் வர்க்கமூலம் 2-க்குச் சற்று மேல். ஆக, பட்ஜெட் அன்று நிஃப்டி சுமார் 2 சதவீதம், 490 புள்ளிகள், ஏதோ ஒரு பக்கம் நகரக்கூடும் என்பதற்கான விலையைத்தான் சந்தை கேட்கிறது. மற்ற ஒன்பது நாள்களுக்கு உங்களிடம் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை.

கேள்வி இப்போது எளிதாகிவிட்டது: பட்ஜெட் நாளுக்கு 2 சதவீதம் அதிகமா?

2020 முதல் 2025 பிப்ரவரி வரை, இடைக்கால பட்ஜெட்டையும் சேர்த்து, ஏழு பட்ஜெட்டுகள். 2020-ல் நிஃப்டி 2.5 சதவீதம் விழுந்தது. 2021-ல் 4.7 சதவீதம் ஏறியது. 2022-ல் 1.4 சதவீத ஏற்றம். அதன்பின் 2023 பிப்ரவரி, 2024-ல் இரண்டு முறை, 2025 பிப்ரவரி ஆகிய நான்கிலும் மாற்றம் 0.3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஏழில் இரண்டு முறைதான் 2 சதவீதம் தாண்டியிருக்கிறது; ஆகவே விலை அதிகம் என்று தோன்றும். ஆனால் இங்கேயும் வர்க்கம்தான் நியாயமான அளவுகோல். ஏழு மாற்றங்களையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் 2.1 சதவீதம் வருகிறது. சந்தை கேட்கும் விலை ஏறத்தாழ அதேதான்!

அதற்காக இதைச் சரியான விலை என்று சத்தியம் செய்யவும் முடியாது. 2021-ஐ மட்டும் நீக்கிவிட்டுப் போட்டால் அதே கணக்கு 1.2-க்கு இறங்கிவிடும். 2021 போன்ற ஒரு நாள் இனியும் வரும் என்று நினைப்பவருக்கு 14 நியாயமான விலை. வராது என்பவருக்கு அதிகம். ஏழே நாள்களை வைத்து இதற்கு மேல் உறுதியாகப் பேசுபவரை நான் நம்பமாட்டேன்.

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 2024 ஜூலை 23 அன்று மூலதன ஆதாய வரி உயர்வு அறிவிக்கப்பட்டதும் நிஃப்டி முந்தைய நாள் முடிவிலிருந்து 430 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, பிறகு மீண்டு, வெறும் 30 புள்ளி நஷ்டத்தில் முடிந்தது. முடிவு விலையை மட்டும் பார்க்கும் உங்கள் சூத்திரத்துக்கு அது தூங்கிய நாள். நடுவில் விற்று வெளியேறக்கூடியவருக்கு அப்படியில்லை. அன்றன்றைய உச்சம், தாழ்வு இரண்டையும் வைத்தும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்; இரு விடைகளுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் 10 என்ற எண் ஆட்டத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

இனி பணக் கணக்கு. 24,000 ஸ்டிரைக்கில் கால், புட் இரண்டும் சேர்ந்து, ஐ.வி. 14-ல், சுமார் 535 புள்ளிகள் பிரீமியம் இருக்கும். பட்ஜெட் சப்பென்று முடிந்து, ஐ.வி. 10-க்கு இறங்கி, நிஃப்டி அங்கேயே நின்றால், அன்று மாலை அந்த ஜோடியின் விலை 360 அளவில் இருக்கும். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு காலி. போட்ட பணம் அன்றே திரும்ப வேண்டுமென்றால் நிஃப்டி 460 புள்ளி அளவுக்கு நகர்ந்தாக வேண்டும். "நிஃப்டி 200 புள்ளி ஏறியும் நஷ்டமா?" என்று பட்ஜெட் மாலைகளில் பலர் திகைப்பது இதனால்தான்.

அப்படியானால் விற்பதா? பாதுகாப்பில்லாமல் வேண்டாம். 2024 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வந்த பிறகு ஜூன் 3 அன்று, நிஃப்டி ஆப்ஷன்களின் ஐ.வி.யைக் காட்டும் குறியீடான இந்தியா விக்ஸ் 25 அருகிலிருந்து 21-க்கு இறங்கியது. பதற்றம் தீர்ந்தது என்று விற்றவர்கள் உண்டு. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் நிஃப்டி 5.9 சதவீதம் விழுந்தது. 21 என்ற அளவு ஒரு நாளுக்குச் சொல்வது 1.3 சதவீதம். எண்ணிக்கை நாளுக்கென்று தனியாக ஏற்றிப் பார்த்தாலும் அந்த வீழ்ச்சி விலைக்குள் அடங்காதது. விற்கத்தான் வேண்டும் என்றால், சற்றுத் தொலைவில் ஒரு காலும் ஒரு புட்டும் வாங்கி நஷ்டத்துக்கு எல்லை கட்டிவிட்டு விற்பதே சரி.

அந்த ஜூன் 4-ம் தேதி, கடந்த 20 நாள் ஆட்டத்தை ஐ.வி.யோடு ஒப்பிடுவதையும் கெடுத்தது. நாளுக்கு 0.63 ஆடும் அமைதியான 19 நாள்களோடு அப்படி ஒரே ஒரு நாள் சேர்ந்தால், 20 நாள் கணக்கு 10-லிருந்து 23 ஆகிவிடும். சந்தை அடங்கிய பிறகும் எண் அங்கேயே நிற்கும்; 21-வது நாள் மாலையில் திடீரென்று 10-க்கு விழும். இடைப்பட்ட நாள்களில் ஐ.வி. 15 என்று பார்த்துவிட்டு "மலிவு" என்று வாங்கினால், அந்த மலிவு உங்கள் அட்டவணையில் மட்டுமே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க 10, 20, 60 நாள் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் ஏதோ ஒரு நாள் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி எடுத்துத் தனியே வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: பட்ஜெட் நாளைக் கழித்துவிட்டால் இந்த ஆப்ஷன் அதிக விலையும் இல்லை, மலிவும் இல்லை. பட்ஜெட் 2 சதவீதத்துக்கு மேல் சந்தையை அசைக்கும் என்று நினைக்க உங்களிடம் தனிக் காரணம் இருந்தால் மட்டும் ஜோடியாக வாங்குங்கள். எந்தப் பக்கம் என்ற கருத்துத்தான் இருக்கிறது என்றால், அது ஏறும் பக்கமானால், ஒரு கால் ஆப்ஷனை வாங்கி மேலே உள்ள ஸ்டிரைக்கில் இன்னொரு கால் ஆப்ஷனை விற்றுவிடுங்கள். ஐ.வி. விழும்போது வாங்கியதில் இழப்பதன் ஒரு பகுதி விற்றதில் திரும்பிவிடும்.