காட்டிய பெண்ணே இல்லை, கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: எங்கள் மகனுக்குப் பெண் பார்க்கத் திருமணத் தகவல் மையம் ஒன்றில் ரூ.6,500 கட்டினோம். நான்கு மாதத்தில் ஒன்பது வரன் அனுப்பினார்கள். ஐந்து நம்பர் ஸ்விட்ச் ஆஃப். எடுத்தவர்கள் எல்லாரும் “பொண்ணுக்கு வேற இடம் முடிஞ்சிருச்சு” என்கிறார்கள். கடைசியாக வந்த வரன், பிறந்தது 28.7.1997, காலை 6.15, மதுரை; சித்திரை நட்சத்திரம், துலாம் ராசி. பொருத்தம் எட்டு. பெண் வீட்டாரை நேரில் சந்திக்க வைக்க இன்னும் ரூ.4,000 கேட்கிறார்கள். ரசீதில் “பணம் திரும்பத் தரப்படாது” என்று அச்சடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த ரூ.4,000-ஐக் கட்டாதீர்கள். ஆனால் மையத்தோடு இப்போதே சண்டைக்கும் போகாதீர்கள். சண்டை வந்தால் வாட்ஸ்அப்பில் அண்மையில் வந்தவற்றை அவர்கள் அழித்துவிட வாய்ப்பிருக்கிறது. உங்களுக்கு வேண்டியதே அவைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெண் அமையவில்லை என்று புகார் கொடுத்தால் நிற்காது. கல்யாணத்தை முடித்துத் தருவதாக எந்த மையமும் எழுதிக் கொடுப்பதில்லை, வரன் விவரம் தருவதாக மட்டுமே எழுதுவார்கள். “ஒன்பது கொடுத்தோமே” என்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது, கொடுத்த வரன்கள் உண்மையானவை அல்ல என்பதை. அதற்குச் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அவர்கள் அனுப்பிய ஜாதகம்தான் அது.

ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. ராசிக் கட்டம் என்பது பிறந்த நேரத்தில் வானத்தில் இருந்த கிரக நிலை. அது தேதியோடு ஒத்துப்போக வேண்டும். சூரியன் மாதம் ஒரு ராசி. சித்திரையில் மேஷம், ஆடியில் கடகம், புரட்டாசியில் கன்னி. நீங்கள் சொல்லும் 28.7.1997 ஆடி மாதம், அதனால் சூரியன் கடகத்தில்தான் இருக்க முடியும். மதுரையில் அந்தச் சமயம் சூரியன் உதிப்பது ஆறு மணியை ஒட்டி. உதயத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைக்குச் சூரியன் நிற்கும் ராசியே லக்னம் என்பதால் லக்னமும் கடகமாக வேண்டும். சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருடம் இருக்கும். அப்போது மீனத்தில் இருந்தது. சந்திரன் அன்று காலை மேஷத்தில். துலாம் ராசி அதற்கு நேர் எதிரே ஏழாவது.

இப்போது உங்களுக்கு வந்த கட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். லக்னம் தனுசு, சூரியன் கன்னி, சனி கும்பம் என்று இருந்தால், அது 1994-ஐ ஒட்டிய ஒரு புரட்டாசியில் நண்பகல் வாக்கில் பிறந்த யாரோ ஒருவருடைய கட்டம். உங்கள் மகன் வயதுக்குத் தோதாக மேலே தேதியை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பொருத்தம் எட்டு வந்ததில் ஆச்சரியமில்லை, நட்சத்திரத்தைப் பார்த்துத்தானே கட்டத்தைப் பொறுக்கியிருப்பார்கள். வேறு வரன்களில் புதனையும் பாருங்கள். அது சூரியன் இருக்கும் ராசியிலோ அதற்கு முன்பின் ராசியிலோதான் நிற்கும். ராகுவும் கேதுவும் நேர் எதிரெதிரே இல்லாவிட்டாலும் அந்தக் கட்டம் பொய்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான குடும்பங்களிலும் பிறந்த நேரம் தவறிப்போய் லக்னம் மாறியிருக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் நட்சத்திரமோ பாதமோ ஒன்று தள்ளிப்போகலாம். அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள். சூரியன் இரண்டு ராசி தள்ளி நிற்பது அப்படி வரும் பிழை அல்ல. உள்ளூர் ஜோதிடரிடம் அந்தத் தேதி, நேரம், ஊரைக் கொடுத்து ஜாதகம் கணித்து, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பிய கட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் புரியும்.

போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு பெயரில் வேறு இடத்தில் கிடைத்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் “இவள் மோசடிக்காரி” என்று அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் எடுத்த படமாக இருக்கலாம். பழி அவள் மேல் விழும்.

பிறகு ஒரு தாளில் ஒன்பது வரனுக்கும் வரிசையாக எழுதுங்கள்: எந்தத் தேதியில் வந்தது, எந்த எண்ணிலிருந்து வந்தது, நீங்கள் எப்போது கூப்பிட்டீர்கள், என்ன பதில் வந்தது. மையத்துக்கு வாட்ஸ்அப்பிலேயே மரியாதையாக, “இந்தப் பெண் வீட்டாரோடு ஏழு நாளுக்குள் வீடியோ காலில் பேச ஏற்பாடு செய்யுங்கள், கூடுதல் கட்டணம் இல்லாமல்” என்று கேளுங்கள். செய்யாவிட்டாலும், சாக்குச் சொன்னாலும் அதுவும் எழுத்தில் பதிவாகிவிடும்.

ரசீதில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறைபாடான சேவையை நிறுத்தி, வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதே தராமல் இருப்பதையும் அதே பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

மையத்தின் முகவரிக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ரூ.6,500-ஐ 15 நாளில் திருப்பித் தரச் சொல்லி, எந்தெந்த வரன் ஏன் பொய் என்று இரண்டு மூன்று வரியில் எழுதினால் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். அவர்கள் மையத்தோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. ஆனாலும் சில மையங்கள் அங்கேயே பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணத்தோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் செலவும் கேளுங்கள். ஆனால் மனுவின் மையம் அந்த ஒன்பது வரன்கள்தான். மகனுக்கு வயதாகிறது என்ற வருத்தம் ஒரு வரியில் இருந்தால் போதும்.

இதெல்லாம் மையத்துக்கு ஓர் அலுவலகமும் முகவரியும் இருந்தால்தான். பணம் தனிநபர் ஒருவருடைய ஜிபே எண்ணுக்குப் போயிருந்து, அலுவலகமே பூட்டிக் கிடந்தால் நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸை வாங்க ஆளிருக்காது. அப்போது முதலில் போலீஸ். cybercrime.gov.in தளத்தில் பதிந்து, பணம் கட்டிச் சில நாளே ஆகியிருந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள். போன அக்கவுண்ட்டில் பணம் மிச்சம் இருந்தால் முடக்க முடியும். நான்கு மாதம் ஆன உங்கள் பணத்துக்கு அந்த வழி கடினம். ஆனால் அதே அக்கவுண்ட்டுக்குப் பணம் கட்டிய மற்றவர்களின் புகாரோடு உங்களுடையதும் சேரும். ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் வழக்குப் பதியக் கேட்கலாம்.