ஆர்டரும் பில்லும் ஒத்துப்போகிறது, ஆனாலும் பில் நிற்கிறது

“ஆர்டர் 100, சப்ளையர் பில்லும் 100, விலையும் சரி. பிறகு ஏன் பேமென்ட் பிளாக்?”

சரக்கு வரவுப் பதிவைப் பாருங்கள், அங்கே 100 இருக்காது என்று நினைக்கிறேன். விலையைத்தான் சிஸ்டம் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடும். அளவை, வந்து சேர்ந்து இன்னும் பில் ஆகாத சரக்கோடு ஒப்பிடும். வரவு 90 என்றால் பில்லில் 10 அதிகம். சிஸ்டம் அனுமதிக்கும் வித்தியாசம், அதாவது டாலரன்ஸ், அதைவிடக் குறைவாக இருந்தால் பில் நிற்கும்.

அந்த 10 கிடங்குக்கு வந்தும் பதியாமல் இருந்தால், பதியச் சொல்லுங்கள்; அப்புறம் பிளாக்கை விடுவிக்கலாம். சில சிஸ்டங்களில் அது தானாகவே விடுபடும். வரவே இல்லையென்றால் மீதிச் சரக்குக்குக் காத்திருங்கள், அல்லது சப்ளையரிடம் 10-க்குக் கிரெடிட் நோட் கேளுங்கள். பில்லை எப்படியாவது பாஸ் செய்வதற்காக, வராத சரக்கை வரவு வைக்காதீர்கள். கையிருப்புக் கணக்கு கெடும்.