எஸ்எம்எஃப் பேட்டரி 2 வருஷத்தில் சாவது கால்சியத்தாலா?

கேள்வி: திருப்பூர்ல பனியன் யூனிட் வச்சிருக்கோம். யூபிஎஸ்ல போட்ட, தண்ணி ஊத்தத் தேவையில்லாத 16 எஸ்எம்எஃப் பேட்டரியும் 2 வருஷத்துல போயிடுச்சு. பாசிட்டிவ் முனை மேலே தூக்கிட்டு மூடி விரிசல் விட்டிருக்கு. பழைய தண்ணி ஊத்துற பேட்டரி 5 வருஷம் வந்துச்சு. ஈயத்துல கலக்குற ஆன்டிமனியை எடுத்துட்டுக் கால்சியம் போட்டதாலதான் இப்படியா?

இல்லீங்க. நீங்க சொல்ற அறிகுறி பாசிட்டிவ் கிரிட் அரிப்பு. அது ஆன்டிமனி கிரிட்லயும் உண்டு, கால்சியம் கிரிட்லயும் உண்டு. ஆன்டிமனியை எடுத்ததுக்குக் காரணம் பாசிட்டிவ் பக்கத்து அரிப்பு அல்ல, நெகட்டிவ் பக்கத்துல நடந்த வேற ஒரு தொல்லை. இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறதாலதான் "மெயின்டனன்ஸ் ஃப்ரீன்னாலே ஏமாத்து வேலை"ன்னு பேச்சு வருது.

முதல்ல கிரிட்டைப் பார்ப்போம். பிளேட்டுக்கு உள்ளே எலும்பு மாதிரி இருக்கிற ஈயச் சட்டம்தான் கிரிட். பாசிட்டிவ் பிளேட்ல பூசியிருக்கிற பசை ஈய டை ஆக்சைடு. சார்ஜ்ல இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்து மின்னழுத்தம் வெறும் ஈயத்தையும் டை ஆக்சைடா மாத்தத்தான் பார்க்கும். அதனால சட்டத்தோட மேல்தோல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமா பழுப்பாகுது. இதை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். ஈயம் டை ஆக்சைடு ஆகும்போது ஏறக்குறைய 1.4 மடங்கு இடம் கேட்கும். தோல் உப்ப உப்ப, உள்ளே மிச்சம் இருக்கிற மென்மையான ஈயம் இழுபட்டு நீளுது. பிளேட் மேல்நோக்கி வளர்ந்து முனையைத் தள்ளுது. உங்க மூடி விரிசல் விட்டது அப்படித்தான். சட்டம் நீண்டா பசை அதை விட்டு விலகும், மின்சாரத்துக்கு வழி குறையும். மீட்டர் வச்சா 12.8 வோல்ட் காட்டுற பேட்டரி, லோடு போட்டதும் 9க்கு இறங்கும்.

செத்த பேட்டரியைப் பிரிச்சுப் பார்த்தா சந்தேகமே வராது. நெகட்டிவ் சட்டம் சாம்பல் நிறத்துல கம்பி மாதிரி வளையும். பாசிட்டிவ் சட்டம் முறுக்கு மாதிரி நொறுங்கும். உடைஞ்ச முனையைப் பார்த்தா கெட்டியான பழுப்புத் தோலுக்கு நடுவுல நூல் அளவு ஈயம் மட்டும் மின்னும். (நீங்களா வெட்டிப் பார்க்காதீங்க. கந்தக அமிலமும் ஈயத் தூசியும் விளையாட்டு இல்லை.)

இப்ப ஆன்டிமனிக்கு வருவோம். சுத்த ஈயத்தை மெல்லிசாச் சட்டம் வார்த்தா கையில எடுக்கும்போதே வளையும். ஆன்டிமனி கலந்தா கெட்டியாகும், அச்சுல நல்லா ஓடும், பசையும் இறுக்கமாப் பிடிக்கும். அடிக்கடி ஆழமா இறக்கி ஏத்தினாலும் தாங்கும். இதெல்லாம் உண்மையான நல்ல குணங்கள். குறை எங்கேன்னா, பாசிட்டிவ் சட்டம் அரிக்கும்போது அதுல இருக்கிற ஆன்டிமனி கரைஞ்சு அமிலம் வழியாப் போய் நெகட்டிவ் பிளேட் மேல படியுது. சுத்த ஈயத்து மேல ஹைட்ரஜன் லேசுல கிளம்பாது. ஆன்டிமனி படிஞ்ச இடத்துல சுலபமாக் கிளம்பும். அப்ப சார்ஜர் கொடுக்கிற மின்சாரம் தண்ணியைப் பிரிக்கத்தான் செலவாகும். பேட்டரிக்கு வயசாக ஆக இது கூடிக்கிட்டே போகும்.

கணக்குப் போட்டா புரியும். முழுசா ஏறின செல்லுக்குள்ள போற ஒவ்வொரு ஆம்பியர்-மணியும் 0.336 கிராம் தண்ணியைப் பிரிக்கும். முழுசா ஏறின பிறகும் பேட்டரி சார்ஜர்ல விடாம இருக்கிறதுதான் ஃப்ளோட். வயசான ஆன்டிமனி பேட்டரி அப்படி 0.2 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குவோம். 30 நாளைக்கு 144 ஆம்பியர்-மணி, செல்லுக்கு 48 கிராம், 6 செல்லுக்கு 290 கிராம் தண்ணி. மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூடி ஒட்டின பேட்டரிக்கு இதுவே சாவு. அதனாலதான் சீல் பண்ற டிசைனுக்கு ஆன்டிமனி ஆகலை.

கால்சியம் கலந்த ஈயம் நேத்து வந்ததும் இல்லை. 1935லயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹாரிங், தாமஸ் ரெண்டு பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரிக்காக இதைச் சொல்லிட்டாங்க. 0.1 சதவீதத்துக்கும் குறைவான கால்சியமே சட்டத்தைக் கெட்டியாக்கப் போதும். அது கரைஞ்சாலும் நெகட்டிவ்ல படியாது, அதனால ஹைட்ரஜன் தொல்லை வராது. ஆனா கால்சியம் அளவு கூடினா உலோகத்துக்குள்ள இருக்கிற படிக மணிகள் பொடிசாகி, மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கிற எல்லைக்கோடு வழியா அரிப்பு உள்ளே இறங்கும், சட்டமும் நீளும். இதை அடக்கத்தான் வெள்ளீயம் சேர்க்கிறாங்க. இன்னொரு வேலையும் அது செய்யுது. வெள்ளீயம் இல்லாத கால்சியம் சட்டத்துல, ஆழமா இறங்கின பிறகு சட்டத்துக்கும் பசைக்கும் நடுவுல மின்சாரம் கடத்தாத ஈய ஆக்சைடு படலம் வந்து சார்ஜே ஏறாமப் போகும். வெள்ளீயம் அந்தப் படலத்தைக் கடத்த வைக்குது.

ஆக, கால்சியம் வந்ததால தண்ணி மிஞ்சுச்சு. தண்ணி தீர்ந்து சாகாத பேட்டரி பெரும்பாலும் பாசிட்டிவ் கிரிட்டாலதான் சாகும். அது 5 வருஷத்துல வரணுமா 2 வருஷத்துல வரணுமாங்கிறதை வெயிலும் வோல்டேஜும்தான் முடிவு பண்ணும்.

உங்க யூபிஎஸ் ஷீட் கூரைக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில காத்துப் புகாத இடத்துல இருக்கும்னு நினைக்கிறேன். அங்கே 38 டிகிரி சாதாரணம். பேட்டரி மேல "5 வருஷம்"னு போட்டிருந்தா அது 25 டிகிரிக்குச் சொன்னது, சில பேட்டரிக்கு 20 டிகிரிக்கு. 10 டிகிரி கூடினா ஆயுசு பாதிங்கிறது இந்தத் தொழில்ல கைக்கணக்கு. 13 டிகிரி கூடுதல்னா ஆயுசு ஏறக்குறைய 2.5ல ஒரு பங்கு. 5 வருஷம் 2 வருஷமாயிடும். உங்க பேட்டரி கணக்குப்படிதான் செத்திருக்கு.

அடுத்தது சார்ஜர். 25 டிகிரியில செல்லுக்கு 2.27 வோல்ட் ஃப்ளோட்னா, கூடுற ஒவ்வொரு டிகிரிக்கும் 3 மில்லிவோல்ட் குறைக்கணும். 38 டிகிரிக்கு 2.23 வருது. ஒரு பேட்டரிக்கு 13.4, 16க்கு 214 வோல்ட். உங்களோடது 220க்கு மேல நிக்கும்னு சந்தேகப்படுறேன். "சீக்கிரம் ஏறட்டும்"னு சார்ஜர் வோல்டேஜை ஏத்திவிட்டுப் போற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. டெம்பரேச்சர் சென்சார் ஒயரைக் கழட்டி மூலையில சுருட்டி வைக்கிறதும் அப்படித்தான். அரிப்பும் தண்ணியைத் தின்னும்ங்கிறதை இவங்க நினைக்கிறதில்லை. ஒரு கிராம் ஈயம் டை ஆக்சைடு ஆக 0.17 கிராம் தண்ணி போகும். சீல் பண்ண செல்லுல அது திரும்ப வராது. அதுக்காக ரொம்பக் குறைச்சும் வைக்காதீங்க. நெகட்டிவ் பிளேட் சல்ஃபேட் பிடிச்சு வேற விதமாச் சாகும்.

டியூபுலர் பேட்டரிதான் சிறந்ததுன்னு சொல்றவங்க சண்டைக்கு வர வேண்டாம். தினமும் மணிக்கணக்குல கரண்ட் போற இடத்துல குறைஞ்ச ஆன்டிமனி போட்ட டியூபுலர்தான் நல்லது, மறுக்கலை. உங்களோடது மாசத்துல நாலஞ்சு தடவை, 10 நிமிஷம் தாங்கினாப் போதும்னா எஸ்எம்எஃப்பே சரி.

பழைய 16ஐயும் கொடுக்கும்போது ஆசிட்டைச் சாக்கடையில கவுத்துட்டு எடைக்கு வாங்கிட்டுப் போறவங்க கையில கொடுக்காதீங்க. அந்தத் தண்ணியோட ஈயமும் போகும். நொய்யல் பட்டது போதும். புதுசு வாங்குற கடையிலேயே திருப்பிக் கொடுங்க.

புதுசு மாட்டும்போது பேட்டரிக்குப் பேட்டரி ஒரு விரல் இடைவெளி விடுங்க, சூடான காத்தை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைங்க. சார்ஜ் ஏறி ஒரு நாள் கழிச்சு ஒவ்வொரு பேட்டரியோட வோல்டேஜையும் பேப்பர்ல எழுதி யூபிஎஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. 3 மாசத்துக்கு ஒரு தடவை மெயினை நிறுத்தி, லோடுல 5 நிமிஷம் ஓடும்போது 16ஐயும் அளந்து பாருங்க. மத்ததைவிட ஒரு வோல்ட் கீழே இறங்குறதை உடனே மாத்துங்க. விட்டா மிச்சம் 15ம் அதோட பங்கு வோல்டேஜையும் சேர்த்து வாங்கிச் சீக்கிரம் சாகும்.