காலையில் மொலாசஸ் இழுக்காத கியர் பம்ப்

“4 அங்குல சக்‌ஷன் குழாய், 10 மீட்டர் நீளம், மணிக்கு 10 கனமீட்டர் வேண்டும். தொட்டியில் 2 மீட்டர் மொலாசஸ் இருந்தும் காலையில் பம்ப் சத்தம்தான் போடுகிறது. பெரிய மோட்டார் போடலாமா?”

மோட்டாரை மாற்றாதீர்கள், சிக்கல் சக்‌ஷனில் இருக்கிறது. குளிர்ந்த மொலாசஸின் விஸ்காசிட்டியை 10,000 சென்டிபாய்ஸ் என்று வைத்துப் பாருங்கள், ரெய்னால்ட்ஸ் எண் வெறும் 5 வரும், அதாவது சுத்தமான லாமினார் ஓட்டம், தண்ணீருக்கான அட்டவணை இங்கே உதவாது.

```
ΔP = 128 μ L Q / (π D⁴)
```

இதில் போட்டால் சக்‌ஷனில் மட்டும் சுமார் 1.1 பார் இழப்பு. வளிமண்டலம் தருவது 1 பார், தொட்டி மட்டம் தருவது 0.27 பார், ஆக பம்ப் வாயில் கிட்டத்தட்ட வெற்றிடம். அங்கே ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

விட்டம் நான்காம் அடுக்கில் வருவதால், 6 அங்குலமாக்கினால் இழப்பு 0.22 பாராக இறங்கிவிடும். குழாயை மாற்றும் வரை பம்ப் வேகத்தைப் பாதியாக்குங்கள், இழப்பும் பாதியாகும் (தண்ணீர் என்றால் கால்வாசியாகியிருக்கும்). தொட்டியின் வெளிவாயில் அருகே 40 டிகிரி வரை இதமாகச் சூடாக்கினாலும் நன்றாக இளகும், ஆனால் நேரடி நீராவிச் சுருளில் கருக விடாதீர்கள். அப்புறம், டெலிவரியில் ரிலீஃப் வால்வு இருக்கிறதா?