பிஎம்ஐ 0.0 காட்டுது, எடை மெஷினை ரிட்டர்ன் பண்ணலாமா?

கேள்வி: சார், போன் ஆப்போட கனெக்ட் ஆகுற டிஜிட்டல் எடை மெஷின் ஒண்ணு புதுசா வாங்கினேன். ஆப்ல "உயரம்"னு இருந்த கட்டத்துல 168 போட்டேன். ஏறி நின்னா எடை 74.0 கிலோன்னு சரியா வருது, ஆனா பிஎம்ஐ 0.0னு காட்டி கீழ "எடை குறைவு"ன்னு வேற போடுது. சந்தேகப்பட்டு நானே ஷீட்ல கணக்கு போட்டேன், அதுல 0.0026 வருது. மெஷின் பழுதுன்னு திருப்பி அனுப்பிடலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீங்க. நீங்க சொல்றத வச்சு பாத்தா மெஷின் அதோட வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கு, அது அளந்தது எடைய மட்டும்தான். பிஎம்ஐங்கிறது மெஷின் அளக்குற விஷயமே இல்ல, ஆப் போடுற ஒரு வகுத்தல் கணக்கு, அந்த கணக்குக்குள்ள உங்க உயரம் மீட்டரா போகாம சென்டிமீட்டராவே போயிருக்கு. ஷீட்ல வந்த 0.0026ம் ஆப்ல வந்த 0.0ம் ஒரே நம்பர்தான், ஆப் புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம் மட்டும் காட்டுறதால மிச்சமெல்லாம் வெட்டுப்பட்டு 0.0ன்னு நிக்குது.

கணக்கை ஒரு தடவை கையால போட்டு பாத்துடுவோம். பிஎம்ஐன்னா கிலோவுல இருக்குற எடைய, மீட்டர்ல இருக்குற உயரத்தோட வர்க்கத்தால வகுக்கணும். உங்க உயரம் 1.68 மீட்டர், 1.68ஐ 1.68ஆல பெருக்கினா 2.8224, 74ஐ அதால வகுத்தா 26.2. இதான் உங்க பிஎம்ஐ. இப்ப அதே இடத்துல 168ன்னு போட்டு பாருங்க, 168ஐ 168ஆல பெருக்கினா 28224, 74ஐ அதால வகுத்தா 0.00262. ரெண்டு விடையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, 262ங்கிற இலக்கம் ரெண்டுலயும் அப்படியே இருக்கு, புள்ளி மட்டும் நாலு இடம் நகர்ந்திருக்கு. இந்த தப்போட கைரேகையே அதான்.

மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே, அப்போ ரெண்டு இடம்தானே நகரணும், ஏன் நாலுன்னு நிறைய பேர் கேப்பாங்க. உயரத்தை வர்க்கம் எடுக்குறோம்ல, அதனாலதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்னு பெரிய கிராஃப் தாள் ஒண்ணு விரிச்சு அதுல சென்டிமீட்டர் கட்டம் போட்டா ஒரு வரிசைக்கு 100 கட்டம், மொத்தம் 100 வரிசை, ஆக 10,000 கட்டம். அதனாலதான் உங்க விடை 10,000 மடங்கு சின்னதா வந்துடுச்சு, 0.00262ஐ 10,000ஆல பெருக்கினா 26.2 திரும்ப கெடைக்கும். ஆனா ஆப்ல இருக்குற 0.0ஐ அப்படி பெருக்கி மீட்க முடியாது, அங்க இலக்கமே போயிடுச்சு, எடையில இருந்துதான் திரும்ப ஆரம்பிக்கணும்.

ஷீட்டை சரி பண்றது சுலபம். எடை B2லயும் சென்டிமீட்டர் உயரம் C2லயும் இருந்தா இப்படி எழுதுங்க:

```
=B2/(C2/100)^2
```

அடைப்புக்குறி எங்க முடியுதுங்கிறத நல்லா பாருங்க, மொதல்ல 100ஆல வகுத்து மீட்டர் ஆக்கணும், அதுக்கு அப்புறம்தான் வர்க்கம். எனக்கு தெரிஞ்ச ஒருத்தங்க 40 பேரோட உயரம் எடை வச்சு ஒரு ஷீட் போட்டிருந்தாங்க, 100ஆல வகுக்கணும்னு அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு, ஆனா =B2/(C2^2/100)ன்னு எழுதிட்டாங்க, அதாவது வர்க்கம் எடுத்த பிறகு ஒரே ஒரு தடவை 100ஆல வகுத்துட்டாங்க, எல்லா வரியிலயும் 0.2ம் 0.3மா வந்து நின்னுச்சு. உங்க அளவுக்கு அது 0.26ன்னு வரும். அந்த மாதிரி ஒண்ணுக்கு கீழ ரெண்டு இலக்கம் தெரிஞ்சா பாதி மாத்தி பாதி விட்டாச்சுன்னு அர்த்தம்.

இப்ப ஆப்புக்கு வருவோம். அந்த கட்டத்துல அலகு எதுவும் எழுதலன்னா 168ஐ அழிச்சுட்டு 1.68ன்னு போட்டு சேவ் பண்ணி பாருங்க. 26.2 வந்துடுச்சுன்னா ஆப் மீட்டர்ல எதிர்பாக்குது, கட்டத்துக்கு பக்கத்துல மீட்டர்னு எழுதாதது மட்டும்தான் குறை, மெஷினை தாராளமா வச்சுக்கலாம். புள்ளியே போட விடலன்னாலோ, இல்ல செட்டிங்ஸ்ல அலகு சென்டிமீட்டர்னு தெளிவா இருக்கும்போதே 168க்கு 0.0 காட்டுச்சுன்னாலோ, அப்போ தப்பு உங்க பக்கம் இல்ல, ஆப் எழுதினவங்க மாத்துற வேலைய விட்டுட்டாங்க. மொதல்ல ஆப்பை அப்டேட் பண்ணி பாருங்க, அப்புறமும் அப்படியேன்னா உயரமும் அலகும் தெரியுற ஸ்க்ரீன், பிஎம்ஐ 0.0ன்னு காட்டுற ஸ்க்ரீன், ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வித்தவங்களுக்கு அனுப்புங்க. மேல போட்ட ரெண்டு வரி கணக்கையும் கூடவே எழுதுங்க, "பிஎம்ஐ வேலை செய்யல"ன்னு மட்டும் சொன்னா பேட்டரி மாத்துங்க, மறுபடி கனெக்ட் பண்ணுங்கன்னு சுத்தல்ல விடுவாங்க, "168 சென்டிமீட்டரை மீட்டரா மாத்தாம வர்க்கம் எடுக்குறீங்க, விடை 10,000 மடங்கு குறையுது"ன்னு சொன்னா அவங்க தட்டிக்கழிக்க இடம் இருக்காது. பிஎம்ஐ காட்டும்னு சொல்லி வித்துட்டு அது காட்டலன்னா ரிட்டர்ன் கேக்க அது நியாயமான காரணம். ரிட்டர்னுக்கு கடைசி தேதி என்னன்னு இன்னிக்கே பாத்து வச்சுக்குங்க, அவங்க பதிலுக்காக காத்திருந்து அந்த தேதிய விட்டுடாதீங்க.

எதிர்ப்பக்க தப்பும் உண்டு, சென்டிமீட்டர் கட்டத்துல 1.68ன்னு போட்டா உங்க உயரம் ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லன்னு ஆப் எடுத்துக்கும், பிஎம்ஐ 2,62,188ன்னு வரும். இதெல்லாம் பாத்தவுடனே தெரியுற தப்புங்கிறதால எனக்கு பெரிய கவலை இல்ல.

எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது அந்த "எடை குறைவு"ங்கிற வார்த்தைதான். ஆப் யோசிச்சு அத சொல்லல, நம்பர் 18.5க்கு கீழ இருந்தா அந்த வார்த்தைய போடுன்னு எழுதி வச்சிருக்காங்க, 0.0ம் 18.5க்கு கீழதானே, போட்டுடுச்சு. உங்க சரியான 26.2 உலக சுகாதார அமைப்போட பொதுவான வரம்புப்படி 25ஐ தாண்டிடுச்சு, அதாவது எடை கூடுதல்ங்கிற பக்கம், ஆப் சொன்னதுக்கு நேர் எதிர். நம்பரை கவனிக்காம வார்த்தைய மட்டும் நம்பி ஒருத்தர் சாப்பாட்டை கூட்டிட்டார்னா என்ன ஆகும்னு பாருங்க. அதனால நம்பர் சரியான பிறகும் அந்த வார்த்தை மாறிடுச்சான்னு தனியா ஒரு தடவை பாத்துடுங்க.

ஒரு நம்பரை பாத்தவுடனே நம்பலாமா வேணாமான்னு தெரிஞ்சுக்க நான் எப்பவும் பண்றது ஒண்ணு இருக்கு, கால்குலேட்டரே வேணாம். பெரியவங்க உயரம் பெரும்பாலும் 1.42 மீட்டர்ல இருந்து 2 மீட்டருக்குள்ள அடங்கிடும், அதோட வர்க்கம் சுமார் 2ல இருந்து 4க்குள்ள அடங்கிடும். அப்படின்னா பிஎம்ஐ உங்க கிலோவுல கால்வாசிக்கு கீழ போகாது, பாதிக்கு மேல ஏறாது. 74 கிலோன்னா 18.5க்கும் 37க்கும் நடுவுல எங்கயாவதுதான் வரணும். 0.0026, 0.26, ரெண்டு லட்சம் எல்லாம் இதுல உடனே மாட்டிக்கும். அதவிட முக்கியம், உயரத்தை வர்க்கம் எடுக்க மறந்துட்டு 74ஐ வெறும் 1.68ஆல வகுத்தா 44 வரும், அது நெஜ பிஎம்ஐ மாதிரியே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, ஆனா 44ங்கிறது 74ல பாதியான 37ஐ தாண்டிடுச்சு பாருங்க, அங்கயே பிடிபட்டுடும்.

இந்த வழியில மாட்டாத தப்பு ஒண்ணு இருக்கு, அது அடி அங்குலத்துல வரும். 5 அடி 6 அங்குலத்தை நாம 5.6ன்னு எழுதுவோம், ஆனா கணக்குல 5.6 அடின்னா 5 அடி 7 அங்குலத்துக்கும் மேல, ஒரு அடிக்கு 12 அங்குலம்ல. 5 அடி 6 அங்குலம் 167.6 சென்டிமீட்டர், 5.6 அடிய 30.48ஆல பெருக்கினா 170.7. உங்க எடைக்கு மொதல்ல சொன்னதுல பிஎம்ஐ 26.3, ரெண்டாவதுல 25.4. ரெண்டுமே நம்புற மாதிரிதான் இருக்கும், 25க்கு பக்கத்துல நிக்குறவங்களுக்கு இந்த வித்தியாசமே பக்கத்தை மாத்திடும். அதனால அடிக்கணக்கை நம்பாதீங்க, செருப்பை கழட்டிட்டு குதிகால் செவுத்துல ஒட்டுற மாதிரி நின்னு, தலை மேல ஒரு தடி புக்கை செவுத்தோட சேத்து வச்சு, அதோட அடிப்பக்கத்துல கோடு போட்டு டேப்பால சென்டிமீட்டர்ல அளந்துடுங்க, வேற ஒருத்தர் புக்கை பிடிச்சா இன்னும் நல்லது.

எடைய பத்தி சந்தேகம் வேணாம்னாலும் ரிட்டர்ன் தேதி இருக்குறப்பவே அதையும் சோதிச்சுடுங்க. கார்பெட் இல்லாத கெட்டியான தரையில மெஷினை வச்சு, காலி கேனை கையில பிடிச்சு ஏறி எடைய குறிச்சுக்குங்க, அப்புறம் அதே கேன்ல ஒரு லிட்டர் பாட்டிலால அஞ்சு தடவை தண்ணி ஊத்தி மறுபடி ஏறுங்க, 5 கிலோ கூடணும். 100, 200 கிராம் முன்ன பின்ன இருந்தா பரவால்ல, நாலரையோ அஞ்சரையோ காட்டுச்சுன்னா ரெண்டு மூணு தடவை திரும்ப பாத்துட்டு, அப்பவும் அப்படியேன்னா அதுதான் மெஷின் பழுது, அதுக்கு திருப்பி அனுப்புங்க.

கடைசியா, உயரத்தை சரி பண்ணின பிறகு பழைய பதிவுகளையும் திறந்து பாருங்க. எடை நம்பர் அங்க பத்திரமா இருக்கும், பிஎம்ஐய ஷீட்ல திரும்ப போட்டுக்கலாம். ஆனா உடம்புல கொழுப்பு இத்தன சதவீதம்னு ஒண்ணு காட்டுதுல்ல, பாதம் வழியா லேசா கரண்ட் விட்டு பாக்குறது, அந்த கணக்குக்குள்ளயும் உயரம் போகுது, ஆப் எந்த ஃபார்முலா வச்சிருக்குன்னு நமக்கு தெரியாததால நம்மால அத திருத்த முடியாது. தப்பான உயரத்தோட பதிவான கொழுப்பு நம்பர் எல்லாத்தையும் அழிச்சுட்டு, திருத்தின நாள்ல இருந்து புதுசா எண்ணுங்க.